மட்டக்களப்பு வர்த்தகக் கண்காட்சி: எங்கள் கூடத்துக்கு அழைக்கும் வாசகத்தில் என்ன பிழை?

தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை
அனைவருக்கும் ஸலாம், வணக்கம். ஜூன் 12, 13, 14 ஆகிய நாட்களில் மட்டக்களப்பு நகரில் நடக்கும் கண்காட்சியில் எங்கள் கைத்தறிச் சேலைகளுக்கு ஒரு கூடம் எடுத்திருக்கிறோம். முகநூலில் படத்துடன் போடுவதற்காக எழுதிய வாசகம் இது:

"மருதமுனையின் பாரம்பரியக் கைவண்ணம் உங்கள் நகரில்! தலைமுறை தலைமுறையாகத் தொடரும் தரம், நேர்த்தி, நம்பிக்கை. குடும்பத்தோடு வாருங்கள், கண்டு மகிழுங்கள், அள்ளிச் செல்லுங்கள்! மண்டபம் 2 - 14, 12 - 14, 10 - 8."

போடுவதற்கு முன்பு உறவினர் சிலருக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒருவர், "14ஆம் திகதி மட்டுந்தானா?" என்று கேட்டார். இன்னொருவர், இடத்தையே போடவில்லை என்கிறார். எல்லாம் அதில்தானே இருக்கிறது? எதை மாற்ற வேண்டும்?

வாவிக்கரை அச்சகம்
தம்பி, உங்கள் கடைசி வரியை நீங்கள் மட்டுந்தான் படிக்க முடியும். கூடத்தின் இலக்கமும் 14, முடிகிற திகதியும் 14. அடுத்து வரும் 10 - 8 நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவருக்கு அது அக்டோபர் 8 ஆகவும் இருக்கலாம். இலக்கத்தைத் தனியாக விடாதீர்கள். "கூடம் இலக்கம் 14" என்று எழுதுங்கள். திகதியோடு கிழமையையும், நேரத்தோடு மு.ப., பி.ப. என்பதையும் சேருங்கள். "வெள்ளி" என்று பார்த்துவிட்டால் எவரும் அதைக் கூடத்தின் இலக்கம் என்று நினைக்கமாட்டார்கள்.

இடம் இல்லை என்றவரும் பொய் சொல்லவில்லை. கைபேசியில் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் பார்க்க "மேலும்" என்பதை அழுத்த வேண்டும். அந்த முதல் வரிகளைத் தரம், நேர்த்தி, நம்பிக்கை மூன்றும் பிடித்துக்கொண்டன. இன்ஸ்டகிராமில் இது இன்னும் மோசம், ஏறத்தாழ 125 குறிகளோடு வெட்டிவிடும். அதுவும் தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்காகும். "மண்டபம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. ஆகவே ஊர், மண்டபம், கூடம், நாள் நான்கையும் முதலில் வையுங்கள். பின்னால் வரி மிஞ்சினால் புகழ்ச்சி இருக்கட்டும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "நாளை ஆரம்பம்" என்று எழுதாதீர்கள். முகநூல் பழைய பதிவை இரண்டு நாள் கழித்தும் ஒருவர் கண்ணில் காட்டும். அவருடைய நாளை வேறு.

கல்லடி வாசி
அச்சக அண்ணன் சொல்வது சரி. ஆனால் இடமும் நேரமும் தெரிந்தால் மட்டும் யார் வருவார்கள்? மருதமுனைக் கைத்தறி என்றால் எல்லோருக்கும் தெரியும், அந்த மண்டபத்தில் இன்னும் எத்தனை பேர் அதையே சொல்லப்போகிறார்களோ! வருவதற்கு ஒரு காரணம் கொடுங்கள். "நீங்கள் விரும்பும் கரை, விரும்பும் நிறத்தில் நெய்து தருவோம்" என்று போட்டால் பெண்கள் கூட்டம் கூடமாட்டாதா?

பாவோட்டும் ராத்தா
காரணம் வேண்டும் என்பது சரி, தம்பி. ஆனால் இந்தக் காரணத்தைப் போட்டால் கண்காட்சி முடிந்த பிறகு தறிவீட்டில்தான் சண்டை வரும். கரையின் நிறம், நெடுக்கு இழைகளைப் பாவாக ஓட்டும்போதே அமைந்துவிடும். ஒரு பாவில் பல சேலைகள் இறங்கும். நடுவில் ஒருவருக்காகக் கரையை மாற்ற வேண்டுமானால் ஓரத்து இழைகளை அறுத்து, வேறு நிறத்தை ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். ஒரு சேலைக்காக அதை யார் செய்வார்கள்?

முந்தானை அப்படியல்ல. அது குறுக்கே ஓடும் ஊடையில் வருவது, ஊடையை ஓட்டும் நாடாவில் வேறு நூலைப் போட்டால் போதும். சேலைக்குச் சேலை மாற்றலாம். எனவே "முந்தானை நிறத்தை நீங்களே தெரிவுசெய்யலாம்" என்று போடுங்கள். அது உண்மை, செய்தும் கொடுக்கலாம்.

கூடவே, "சட்டைத் துணியைக் கையோடு கொண்டுவாருங்கள்" என்று எழுதுங்கள். கைபேசிப் படத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். துணியோடு துணியை வைத்துப் பார்ப்பதற்குத்தான் ஒருவர் நேரில் வரவேண்டும். ஆனால் நூற்கண்டை மட்டும் காட்டிப் பேசாதீர்கள், பிள்ளை. வெள்ளைப் பாவில் சிவப்பு ஊடை ஓடினால் அந்தச் சிவப்பு வராது, வெளிறித்தான் தெரியும். கையகல மாதிரித் துண்டுகள் நெய்து எடுத்துச் செல்லுங்கள்.

தயிர்ச்சட்டி
என் கதையையும் கேளுங்கள். போன கண்காட்சியில் எருமைத் தயிர் விற்றேன். "பி.ப. 4 மணிக்குப் புதுச் சட்டிகள் வரும்" என்று போட்டேன். நாலு மணிக்கு நிற்க இடமில்லை, மற்ற நேரம் ஈ ஓட்டினேன். நீங்கள் நெசவு செய்து காட்டுவதாக இருந்தால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று பிரித்து, அந்த நேரங்களையும் வாசகத்தில் போடுங்கள். மற்றது, கூடத்துக்கு மின்சாரம் தருகிறார்களா? எனக்குக் குளிர்பெட்டி வேண்டும்.

வாவிக்கரை அச்சகம்
மின்சாரத்தை ஏற்பாட்டாளரிடம்தான் கேட்க வேண்டும். நெசவு நேரத்தையும் இதில் திணித்தால் மறுபடியும் இலக்கச் சந்தை ஆகிவிடும். அதைக் கூடத்தின் முன்னால் ஒரு பலகையில் எழுதுங்கள்.

தயிர்ச்சட்டி
பலகையைப் பார்ப்பவர் ஏற்கெனவே வந்துவிட்டவர், அண்ணன். வராதவரை எப்படி அழைப்பது?

தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை
எல்லோருக்கும் நன்றி. மேசைத் தறி ஒன்று கொண்டுபோகிறோம். ஆனால் நெய்பவர் வாப்பா ஒருவர்தான், அவருக்கு நேரம் குறிக்க எனக்குத் துணிவில்லை. அதை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருப்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. திருத்தியது இது:

"மட்டக்களப்பு வர்த்தகக் கண்காட்சி, மண்டபம் 2, கூடம் இலக்கம் 14.
ஜூன் 12 வெள்ளி முதல் 14 ஞாயிறு வரை, மு.ப. 10 - பி.ப. 8.
உங்கள் சட்டைத் துணியைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பொருந்தும் முந்தானை நிறத்தை மாதிரித் துண்டுகளில் பார்த்துத் தெரிவுசெய்யலாம். மருதமுனையில் நெய்து தருகிறோம்.
வெள்ளி நண்பகல் 12 முதல் பி.ப. 2 வரை ஜும்ஆவுக்காகக் கூடம் மூடியிருக்கும்."

பாவோட்டும் ராத்தா
நெய்து எப்போது கொடுப்பீர்கள் என்று முதல் ஆளே கேட்பார். பதிலை வைத்திருங்கள்.

கல்லடி வாசி
நன்றாக இருக்கிறது. மண்டபத்தையும் கூடத்தையும் படத்திலேயே பெரிதாகப் போட்டுவிடுங்கள். வாசகத்தை யார் படிக்கிறார்கள்?

வாவிக்கரை அச்சகம்
அங்கேதான் எனக்குப் பயம். கூடாரம் போட்டு நடத்தும் கண்காட்சியில் கூடத்தின் இலக்கம் கடைசி நேரத்தில் மாறுவது உண்டு. முகநூல் வாசகத்தை எப்போதும் திருத்தலாம். வட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடந்தான். படத்தில் பொறித்தது கைமாறிப் போய்விட்டால் திரும்பி வராது. ஏற்பாட்டாளரின் உறுதிக் கடிதம் கையில் இருக்கிறதா, தம்பி?

தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை
தொலைபேசியில்தான் சொன்னார்கள். கடிதமும் வரைபடமும் புதன்கிழமை வரும் என்கிறார்கள். ஆனால் வாசகம் இல்லாமல் படத்தை மட்டும் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கு இலக்கம் எப்படிப் போய்ச் சேரும்?

வாவிக்கரை அச்சகம்
அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைக்குப் படத்தில் ஊர், நாள், உங்கள் கடைப் பெயர், தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கட்டும். கடிதம் வந்ததும் இலக்கத்தோடு இரண்டாவது படம் போடுங்கள். முதல் படத்தை மட்டும் பார்த்தவர் வாசலில் நின்று அழைப்பார். தொலைபேசியை வாப்பாவிடம் கொடுக்காமல் நீங்களே வைத்திருங்கள்.