புதுப்பிப்பு: சார்ஜரில் போட்டால் துள்ளும் திரை

நான் முன்பு கேட்டது: "சார்ஜரில் போட்டால் மட்டும் திரை தானாக எழுத்து அடிக்கிறது. போன் பழுதா?"

போனில் பழுதில்லை. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய சார்ஜர்தான் காரணம்.

வெள்ளவத்தையில் போன் திருத்தும் அண்ணா ஒருவர், அதே கேபிளைப் பவர் பேங்கில் செருகச் சொன்னார். துள்ளல் இல்லை. சுவர் சார்ஜருக்கு மாற்றி, தொடும் இடங்களைத் திரையில் கோடாகக் காட்டும் Pointer location என்ற அமைப்பைப் போட்டுப் பார்த்தோம். விரல் வைத்ததும் அதற்கு நேர் மேலும் கீழும் பொய்த் தொடுதல்கள் வந்தன. விரலை எடுத்தால் நின்றன.

அறைத்தோழன் வோல்டேஜ் கூடிவிட்டது என்றான். மீட்டர் காட்டியது 5.1 தான். சார்ஜரில் குற்றம் என்பது சரி, ஆனால் வோல்டேஜ் அல்ல. சார்ஜரின் உள்ளே வேகமாக நடக்கும் சுவிட்சிங்கின் இரைச்சல் கேபிளின் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே ஆட்டுகிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் அளக்கும் மீட்டருக்கு அது தெரியாது. போன் முழுவதும் ஆட, நம் உடல் ஆடாமல் நிற்கிறது. விரல் தொடும் இடத்தில் அந்த வேறுபாடு திரைக்குள் போகிறது. திரை அளப்பதோ விரலால் வரும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை, அதனால் எளிதில் ஏமாறுகிறது. நல்ல சார்ஜரில் இந்த இரைச்சலை உள்ளேயே திருப்பி அடக்கும் மின்தேக்கியும் வடிகட்டியும் இருக்கும்.

சார்ஜர் இல்லாமலே துள்ளுகிறது என்று எழுதிய அக்கா, உங்களுடையது வேறு, திரையைத் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

ஈரக் கையில் துள்ளல் ஏன் கூடுகிறது என்பதில் அண்ணாவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.