சரிபார்ப்பில் தேறிய ஐபான் தவறாக இருந்தது: உங்கள் அனுபவம் என்ன?

தூவல்: ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்களிலிருந்து, வங்கிக் கணக்கைக் குறிக்கும் ஐபான் எண்களைப் பிரித்தெடுக்கும் பணியில் இருக்கிறேன். மங்கலான ஒரு தாளில் எடுத்த எண் சரிபார்ப்பில் தேறவில்லை. எனவே 3, 8 எனக் குழம்பிய ஏழு இடங்களிலும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, முதலில் தேறிய எண்ணையே நிரல் ஏற்றுக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். பணம் திரும்பி வந்த பிறகுதான் அப்படியொரு கணக்கே இல்லை என்று தெரிந்தது. இது எப்படி நேர்ந்தது?

கணக்கன்: ஏழு இடங்களுக்கு இரண்டிரண்டு வாய்ப்பு என்றால் 128 எண்கள் கிடைக்கின்றன. ஐபானை 97-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு; தவறான எண்ணும் தற்செயலாக மீதி 1 தர ஏறத்தாழ 97-இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே அவற்றில் பொய்யாகத் தேறுவது ஒன்றாவது இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனையைத் திருத்தும் கருவியாக்கியதில்தான் சிக்கல்.

ஒரே இலக்கம் பிழையானால் அது தப்பாது. எடுத்துக்காட்டுகளில் வரும் `DE89370400440532013000` என்ற எண்ணில் முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்குக் கொண்டுபோய், D-க்கு 13, E-க்கு 14 என்று வைத்தால் மீதி 1 வரும். அதில் 0532 என்பதை 0582 என்று படித்துவிட்டால் மீதி 76 ஆகிவிடும்.

```python
s = iban[4:] + iban[:4]
ok = int(''.join(str(int(c, 36)) for c in s)) % 97 == 1
```

மை: எனக்குச் சரியான எண்களும் தேறாமல் போயின. விரிதாளில் எண்ணாக மாற்றி வகுத்ததே காரணம்: 15 இலக்கங்களுக்கு மேல் அது சுழியமாக்கிவிடுகிறது. துண்டு துண்டாக வகுத்த பிறகுதான் சரியானது.

ஏடு: கார்டு எண்ணில் இந்தத் தொல்லையே இல்லை. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்துக் கூட்டிப் பார்க்கும் அங்குள்ள லூன் சோதனை, அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் கண்டுபிடித்துவிடும்.

கணக்கன்: பெரும்பாலும் கண்டுபிடிக்கும், ஆனால் 09 என்பது 90 ஆனால் தெரியாது. ஒன்பதை இரட்டித்தால் 18, அதன் இலக்கங்களைக் கூட்டினால் மறுபடி 9. எந்த வரிசையில் இருந்தாலும் அந்த இரண்டும் கூட்டுத்தொகைக்கு 9-ஐத்தான் தரும். மேலும், ஏதாவது ஒரு 16 இலக்க ஆர்டர் எண் லூனில் தேற பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அதைக் கார்டு என்று எடுத்துக்கொண்டு மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓலை: தேறிவிட்டால் கணக்கு இருக்கிறது என்றுதானே பொருள்?

தூவல்: அந்த நம்பிக்கையில்தான் நானும் விழுந்தேன். இப்போது எழுத்து வரவே முடியாத இடத்தில் O வந்தால் 0 என்றும், S வந்தால் 5 என்றும் மட்டும் மாற்றுகிறேன். மற்றவை அனைத்தும் மனிதர் பார்வைக்குப் போகின்றன. ஒரே ஒரு இடம் மட்டும் ஐயமாக இருந்து, அதில் ஒரே ஒரு மாற்றுக்குத் தேறினால் ஏற்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

மை: நான் ஏற்பதில்லை. ஐயப்படாத வேறோர் இடமும் தவறாக இருக்கக்கூடும்.