சக்‌ஷன் குழாய் மாற்றிய பிறகு பேரிங் சுடுகிறது, கப்ளிங் அதிர்கிறது

வேலந்தாவளம், தென்னந்தோப்பு
எங்கள் தோப்பில் 15 எச்.பி. மோட்டாரும் தனிப் பம்பும் ஒரே இரும்புப் பேஸில் கப்ளிங் போட்டு ஓடுகின்றன. பல ஆண்டுகள் தொந்தரவின்றி ஓடிய செட், துருப்பிடித்த 4 அங்குலச் சக்‌ஷன் குழாயை மாற்றிய வாரத்திலிருந்து அதிர்கிறது. அரை மணி நேரம் ஓடினாலே கப்ளிங் பக்கத்துப் பம்பு பேரிங்கின் மேல் கை வைக்க முடிவதில்லை. கப்ளிங்கிற்குக் கீழே கறுப்பாக ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கிறது. மோட்டாரின் உடல் மட்டும் வழக்கமான சூட்டில்தான் இருக்கிறது. இதே போன்ற நிலையைச் சந்தித்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கோவிந்தாபுரம்
பேரிங் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதியது போட்டு, கிரீஸை முழுக்க நிரப்பிவிடுங்கள். எங்கள் பம்பிலும் அப்படிச் செய்த பிறகே சத்தம் நின்றது.

மீனாட்சிபுரம்
எங்கள் போர்வெல் மோட்டாரும் கோடையில் இப்படித்தான் சூடேறியது. மாலையில் வோல்டேஜ் இறங்குவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. முதலில் மூன்று பேஸிலும் ஆம்பியர் பாருங்கள்.

சித்தூர், பம்பு ஃபிட்டர்
வோல்டேஜ் குறைந்தால் சுடுவது மோட்டாரின் உடல். இங்கே அது சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறார். பேரிங் கெட்டிருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதைக் கெடுத்த காரணம் அப்படியே இருந்தால் புதிய பேரிங்கும் அதே வழியில்தான் போகும். கிரீஸையும் முழுக்க அடைக்கக் கூடாது. பேரிங் கூட்டில் பாதி அளவைத் தாண்டினால் அந்தக் கிரீஸ் கடைபட்டே சூடேறும்.

ரப்பர்த் தூள் கொட்டுகிறது என்றால் இரண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லை. குழாய் மாற்றியதும் இது தொடங்கியிருப்பதால், அந்தக் குழாய்தான் பம்பை இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கிறேன். ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டெலிவரி வால்வை மூடிவிட்டு, டயல் கேஜின் காந்தக் காலை மோட்டார் பக்கக் கப்ளிங்கில் நிறுத்துங்கள். முள்ளைப் பம்பு பக்கக் கப்ளிங்கின் மேல்விளிம்பில் தொடவைத்துப் பூஜ்யமாக்கியபின், சக்‌ஷன் ஃப்ளாஞ்சின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் குழாய் பம்பின் மேல் பாரம் ஏற்றுகிறது என்று பொருள். பக்கவாட்டிலும் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

வேலந்தாவளம், தென்னந்தோப்பு
ஐயா, நீங்கள் சொன்னபடியே ஆள் வைத்துப் பார்த்தோம். கடைசி போல்ட் தளர்ந்ததும் ஃப்ளாஞ்ச் டக்கென்று விலகி, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. முள் 0.40 மி.மீ. நகர்ந்திருந்தது. குழாய் போட்டவர் நீளப் போல்ட் கொண்டு இழுத்துச் சேர்த்திருக்கிறார். போட்ட அன்றே அலைன்மென்ட் பார்த்ததாகச் சொல்கிறாரே, அது எப்படி?

சித்தூர், பம்பு ஃபிட்டர்
குழாயை மாட்டுவதற்கு முன்பு பார்த்திருப்பார். அப்போது சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஃப்ளாஞ்சை இறுக்கியதும் பம்பு நகர்ந்துவிட்டது. இப்போது மோட்டாரை நகர்த்திச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கப்ளிங் நேராகிவிடும், ஆனால் பம்பு உடலில் இழுப்பு அப்படியே இருக்கும். குழாயை அறுத்து, ஃப்ளாஞ்ச் முகங்கள் இணையாக நின்று, போல்ட் கையாலேயே துளையில் நுழையும்படி மறுபடி வெல்டிங் வையுங்கள். அதன் எடையைப் பம்பு சுமக்காதபடி, ஃப்ளாஞ்சிற்கு அருகிலேயே ஒரு தாங்கி கொடுங்கள். டயல் கேஜை வைத்தபடியே இறுக்க வேண்டும். முள் நகராமல் இருந்தால்தான் வேலை முடிந்தது.

அதன் பிறகு மோட்டாரின் கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்து, எந்தக் கால் எழும்புகிறதோ அதன் அடியில் தகடு வையுங்கள். கடைசியாகத்தான் அலைன்மென்ட். இரண்டு ஷாஃப்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றும்போது, மேலிருந்து கீழே வருவதற்குள் கேஜ் 0.20 காட்டினால் ஷாஃப்டின் உண்மையான விலகல் அதில் பாதி, அதாவது 0.10 மட்டுமே. இதைக் கவனிக்காமல் முழு அளவுக்கும் தகடு வைத்து, பிழையை மறுபக்கம் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கோபாலபுரம்
எங்களுடையது மோனோபிளாக், கப்ளிங்கே கிடையாது. ஆகவே இந்தச் சிக்கல் எங்களுக்கு வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சித்தூர், பம்பு ஃபிட்டர்
அலைன்மென்ட் வேலை கிடையாது என்பது சரி. குழாய் இழுப்பு உங்களுக்கும் உண்டு. பம்பு உடல் கோணினால் இம்பெல்லர் உரசும், சீல் ஒழுகும்.

வேலந்தாவளம், தென்னந்தோப்பு
குழாயை அறுத்துச் சேர்த்து, புதிய ரப்பர் புஷ்ஷும் பேரிங்கும் போட்டாயிற்று. இப்போது இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் பேரிங்கின் மேல் கையைத் தாராளமாக வைக்க முடிகிறது; தூளும் இல்லை. ஆனால் கிணற்று மட்டம் இறங்கியதும் பம்பிற்குள் ஜல்லி உருளுவது போன்ற சத்தம் கேட்கிறது. டெலிவரி வால்வைச் சற்று மூடினால் குறைகிறது. இதற்கும் குழாய்தான் காரணமா?

சித்தூர், பம்பு ஃபிட்டர்
அது அலைன்மென்ட் சத்தமாக இருக்க வாய்ப்பில்லை. சக்‌ஷன் போதாமல் தண்ணீரில் குமிழி எழுந்து உடையும் சத்தம் போலத் தெரிகிறது. புட்வால்வு அடைத்திருக்கிறதா, பம்பு தண்ணீருக்கு மேல் அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. நின்ற நீர்மட்டம், ஓடும்போதுள்ள மட்டம் இரண்டையும் அளந்து எழுதுங்கள்.