நாலாம் வகுப்பு வரைபடம்: வடக்கு மேலேதான் வரணுமா?

வடக்குவாசல்: நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறைப் படம் வரையும்போது வடக்கு தாளின் மேல்பக்கம்தான் வரணும். கரும்பலகையை மேலே வைத்து வரையச் சொல்கிற ஆசிரியர்களுக்கு வரைபடம்னா என்னன்னே தெரியாது.

கட்டநோட்டு: தெரியாதது யாருக்குன்னு பார்ப்போம். கரும்பலகை தெற்குச் சுவரில் இருக்கு, பிள்ளை தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கு. ஜன்னல் அதன் இடது பக்கம், அதாவது கிழக்கே. வடக்கை மேலே வைத்தால் கரும்பலகை தாளின் அடிக்குப் போகும், ஜன்னல் வலது பக்கம் வரணும். ஒன்பது வயதுப் பிள்ளை கரும்பலகையை அடியில் போட்டுவிட்டு ஜன்னலை இடது பக்கமே போடும். வேணும்னா ஒரு பெஞ்சுக்கு அடியில் சாக்பீஸை ஒளித்துவைத்து, வடக்கு மேலே இருக்கிற படத்தில் அந்த இடத்தில் புள்ளி வைத்துக் கொடுங்க. பல பிள்ளைகள் அறையின் எதிர்ப்பக்கம் போய்த் தேடும். கரும்பலகையை மேலே வைங்க, வடக்கு அம்புக்குறியைக் கீழ்நோக்கிப் போடுங்க. அதுவும் வரைபடம்தான்.

வடக்குவாசல்: கீழ்நோக்கியா! அடுத்த வருஷம் அட்லஸைத் தலைகீழாப் பிடிக்கும். வடக்கு மேலே.

நிழல்குச்சி: முதல்ல பிள்ளைகளே வடக்கைக் கண்டுபிடிக்கட்டும். மத்தியானம் குச்சி நட்டா நிழல் வடக்கே விழும்.

கட்டநோட்டு: ஜூனில் செய்து பாருங்க. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி நேரத்து நிழல் தெற்கே விழும். திசைகாட்டியை எடுங்க. இரும்பு பீரோ, செல்போன் பக்கத்தில் வைத்தால் ஊசி விலகும்.

நிழல்குச்சி: டிசம்பரில் நான் சொன்னது சரிதானே?

பாய்வகுப்பு: எங்க பள்ளியில பெஞ்சே கிடையாது, பாய்தான். டேப்பும் இல்லை. காலடியால அளந்தா ஆளுக்கொரு கணக்கு வருது.

கட்டநோட்டு: ஒவ்வொரு மீட்டருக்கும் முடிச்சுப் போட்ட கயிறு போதும். அறை 8க்கு 6 மீட்டர்னு வைங்க. ஒரு சென்டிமீட்டர் கட்டத் தாளில் மீட்டருக்கு 2 கட்டம் கொடுத்தா 16க்கு 12, தாளில் அடங்கும். பள்ளி வளாகம் 60க்கு 40 மீட்டர்னா அதே கணக்கில் 120 கட்டம் வேணும். எங்கே போவது? அங்கே 4 மீட்டருக்கு 1 கட்டம், 15க்கு 10. இப்ப வகுப்பறை 2க்கு ஒன்றரைக் கட்டமாச் சுருங்கிடும், பெஞ்சை விட்டுடணும். பிள்ளைகள் அதுக்குள்ளேயும் பெஞ்சை நாலு காலோட அடைக்கப் பார்ப்பாங்க. தீப்பெட்டியைத் தாளில் வைத்துச் சுற்றி வரையச் சொல்லுங்க, மேலிருந்து பார்த்தா எது தெரியும்னு பிடிபடும்.

வடக்குவாசல்: பள்ளிப் படத்திலாவது வடக்கு மேலேயா?

கட்டநோட்டு: அங்கே வைக்கலாம். வெளியே யாரும் ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலையே.

வடக்குவாசல்: அப்ப ஒத்துக்கிட்டீங்க.

கட்டநோட்டு: வகுப்பறையைப் பத்தித்தான் பேச்சு. பாதியைப் படித்துவிட்டு ஜெயித்ததா அறிவிக்கிறது உங்களுக்குப் பழக்கம், அளவுகோல் விவாதத்திலும் இதையேதான் செஞ்சீங்க.

வடக்குவாசல்: அதை ஏன் இழுக்குறீங்க? வடக்கு மேலே.

பாய்வகுப்பு: பாயைத் தினமும் சுருட்டி வைக்கிறோம். அதைப் படத்தில் போடணுமா வேண்டாமா?