பிழையே காட்டாத VLOOKUP: ஸ்கில் டெஸ்டில் நான் மாட்டிக்கொண்ட கதை

ஈரோட்டு மேசை:
போன மாதம் ஒரு கம்பெனியில் அலுவலக உதவியாளர் வேலைக்கு ஸ்கில் டெஸ்ட் எழுதினேன். எக்செல் ஷீட்டில் 30 பில் வரிகள், பக்கத்தில் ஏழு பொருள்களின் ரேட் பட்டியல். குறியீட்டை வைத்து ரேட்டை எடுக்க வேண்டும், அளவோடு பெருக்க வேண்டும், கடைசியில் மதுரைக் கிளையின் தொகையை மட்டும் கூட்டிக் காட்ட வேண்டும். நான் அடித்தது இது:

```
=VLOOKUP(B2,$H$2:$J$8,3)
=SUMIF($C$2:$C$31,"மதுரை",$F$2:$F$31)
```

முதல் வரியில் இருந்தது 201. பட்டியலோடு ஒப்பிட்டேன், ரேட் சரி. அப்படியே கீழே வரை இழுத்துவிட்டேன். எங்கேயும் #N/A இல்லை. மூன்று கிளைகளுக்கும் SUMIF போட்டுக் கூட்டியபோது மொத்தத்தோடு ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தியது. நிம்மதியாக வெளியே வந்தால், பக்கத்து சீட்டில் எழுதியவரின் மதுரைத் தொகை வேறு!

வீட்டுக்கு வந்து அதே பட்டியலை நினைவிலிருந்து அடித்துப் பார்த்தேன். குறியீடுகள் மேலிருந்து கீழே 201, 204, 202, 210, 207, 205, 209. இதில் 205, 207, 209 மூன்றுக்கும் ஒரே ரேட் வருகிறது, 45 ரூபாய். அது 202-இன் ரேட். 207-க்கு வரவேண்டியது 120. ஏன் இப்படி?

கீபோர்டு தம்பி:
கடைசியில் FALSE போடவில்லை, அவ்வளவுதான். TRUE என்பதே யாருக்கும் தேவைப்படாத ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லா VLOOKUP-க்கும் FALSE போட்டுவிடுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:
தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. நான்காவது இடத்தைக் காலியாக விட்டால் எக்செல் அதை TRUE என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நம்பி, நடுவிலிருந்து பாதி பாதியாக வெட்டித் தேடும். உங்கள் 207-ஐயே பாருங்கள். நடுவில் இருப்பது 210. அது பெரியது, ஆகவே கீழ்ப்பாதியைத் திரும்பிப் பார்க்காமல் மேலே போகிறது. மேலே நடுவில் 204, அது சிறியது. அடுத்து 202, அதுவும் சிறியது. அதற்குமேல் தேட இடமில்லை, அதனால் 202-இன் வரியையே கொடுத்துவிடுகிறது. 207 இரண்டு கட்டம் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறது. 202-ஐத் தேடினால் 201-இன் ரேட் வரும், போட்டுப் பாருங்கள்.

201, 204, 210 மூன்றும் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். நீங்கள் சோதித்ததும் 201 என்பதுதான் துரதிர்ஷ்டம். கிளைத் தொகைகள் மொத்தத்தோடு பொருந்தியது ரேட்டுக்குச் சாட்சி ஆகாது. இரண்டு பக்கமும் அதே தப்பான F பத்தியைத்தானே கூட்டுகின்றன! கிளைப் பெயர் எதுவும் விடுபடவில்லை என்பதை மட்டும் அது காட்டும். ரேட்டைச் சோதிக்க, பட்டியலின் கடைசிக் குறியீட்டையும் அதற்கு மேலே உள்ள ஒன்றையும் கண்ணால் பாருங்கள்.

ஆனால் தம்பி, TRUE தேவையே இல்லை என்று சொல்லாதீர்கள். கமிஷன் கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள்? 0-க்கு 0%, 10,000-க்கு 2%, 25,000-க்கு 5%, 50,000-க்கு 8% என்று பட்டியல். விற்பனை 31,500. FALSE போட்டால் #N/A, ஏனென்றால் 31,500 பட்டியலில் கிடையாது. TRUE போட்டால் 5%, கமிஷன் 1,575. பட்டியல் ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

கீபோர்டு தம்பி:
அட, அந்தக் கேள்வியை நான் அடுக்கடுக்காக IF எழுதி முடித்தேன். விடை வந்தது, ஆனால் பத்து நிமிடம் போய்விட்டது.

மல்லிகா:
எனக்கும் இதே பிரச்சினை! FALSE போட்டும் எல்லா வரியிலும் #N/A. குறியீட்டை நிபந்தனையாக வைத்து அளவைக் கூட்டிய SUMIF மட்டும் ஒழுங்காக வந்தது. எக்செல் பழுதா?

பழைய கணக்குப்பிள்ளை:
உங்களுடையது வேறு கதை, அம்மா. பில்லில் குறியீட்டுக் கட்டங்களின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் இருந்ததா? இருந்தால் அங்கே 207 எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது, பட்டியலில் எண்ணாக இருக்கிறது. VLOOKUP இரண்டையும் வேறாகப் பார்க்கும். SUMIF நிபந்தனையைப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் பார்க்காது. இப்படிப் போடுங்கள்:

```
=VLOOKUP(VALUE(B2),$H$2:$J$8,3,FALSE)
```

மல்லிகா:
முக்கோணம் இருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன்.

ஈரோட்டு மேசை:
202 போட்டுப் பார்த்தேன், 201-இன் ரேட்தான் வந்தது. இன்னொரு சந்தேகம். XLOOKUP எழுதினால் இந்த TRUE வம்பே இல்லையே?

பழைய கணக்குப்பிள்ளை:
எதுவும் சொல்லாவிட்டால் அது சரியான பொருத்தத்தையே தேடும், உண்மைதான். ஆனால் டெஸ்ட் மையத்தில் எக்செல் 2016 இருந்தால் #NAME? என்று வந்து நிற்கும். என் ஓட்டு VLOOKUP-க்குத்தான்.

கீபோர்டு தம்பி:
விடை தப்பாக வந்தாலும் SUMIF எழுதியதற்குத் தனி மதிப்பெண் உண்டா? எங்கள் டெஸ்டில் கடைசித் தொகையை மட்டும் பார்த்தார்கள் என்கிறார்கள் சிலர், ஃபார்முலாவைத் திறந்து பார்த்தார்கள் என்கிறார்கள் சிலர்.

ஈரோட்டு மேசை:
எங்களுக்கும் சொல்லவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை.