என் தோழியைக் கண்டதும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்

கடற்காற்று: 14 மாதமாக ஒருவரோடு பழகுகிறேன். தனியாக இருக்கும்போது அவ்வளவு கலகலப்பு. கிழமை நாட்களில் நிலாவெளிக்குப் போய் மணிக்கணக்காகக் கதைப்போம். ஆனால் ஊரே உலாவும் டச் பே கடற்கரைக்கு மாலையில் வரவே மாட்டார். என் தோழிகளைப் பார்க்கக் கூப்பிட்டால் தலையிடி, வேலை, பைக் பழுது. போன மாதம் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் என் பள்ளித் தோழி வந்தாள். உடனே டாங்கில் வைத்திருந்த ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். அவள் போகும்வரை அந்த வெயிலில் அப்படியே இருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

லிங்கநகர் தம்பி: அக்கா, இது அடக்கி ஆளும் குணம். மெல்ல மெல்ல உங்களைத் தோழிகளிடமிருந்து பிரித்துவிடுவார்.

கடற்காற்று: இல்லை தம்பி, நான் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. தான் வருவதில்லை, அவ்வளவுதான்.

மூதூர்க்காரன்: எனக்குத் திக்குவாய். நாலு பேர் கூடினால் நாக்கு எழாது. என் மனைவியின் தோழிகளைக் கலியாணத்துக்கு முன் ஒருமுறைகூடக் கூட்டமாகப் பார்த்ததில்லை. அவரையும் அப்படி நினைத்துப் பாருங்களேன்.

உவர்மலை அக்கா: மூதூர்த் தம்பி, உங்கள் அம்மாவை உங்கள் மனைவி கலியாணத்துக்கு முன்பே பார்த்திருப்பார்தானே? உங்கள் வீடு எங்கே என்று தெரிந்திருக்கும். கூச்சம் கூட்டத்தைக் கண்டுதான் ஒதுங்கும். ஒற்றை ஆளைத் தூரத்தில் கண்டு முகத்தை மூடாது.

எனக்கும் இப்படித்தான் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த என் தோழியோடு நான் பழகியவர் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார். திருகோணமலைத் தோழி என்றால் மட்டும் வரமாட்டார். அவருக்கு என் தோழிகள்மேல் வெறுப்பில்லை. ஊருக்குள் ஒரு தோழிக்குப் பின்னால் பத்து வீடு இருக்கிறதே, அந்தக் கண்களுக்குத்தான் பயம். கனடாவில் இருக்கும் பெண்ணோடு எழுத்து முடிந்து, ஸ்பான்சருக்குக் காத்திருந்திருக்கிறார். கேட்டபோது, "எழுத்துத்தானே, தாலி கட்டவில்லையே" என்றார். பதிவு முடிந்தால் சட்டப்படி அது கலியாணம்தான். அதை முடிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

லிங்கநகர் தம்பி: பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவைத் தேடலாமே?

உவர்மலை அக்கா: பெயரும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ பதிந்திருந்தால் இங்கே அகப்படாமலும் போகலாம். இல்லை என்று சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள் தங்கச்சி.

சல்லி மாமி: என் மகனும் மருமகளின் சிநேகிதிகள் வந்தால் அறைக்குள் போய்விடுவான். கலியாணமாகி ஆறு வருடம்!

கடற்காற்று: அக்கா, மட்டக்களப்புத் தோழி சனிக்கிழமை வருகிறாள் என்றதும் அவர் உடனே சரி என்றார். பள்ளித் தோழியும் வருவாள், டச் பேயில் சந்திப்போம் என்று அடுத்த செய்தி போட்டேன். பார்த்துவிட்டார். இரண்டு நாளாகிறது, பதிலில்லை.