ஒரே விசைக்கு இரண்டு வேலை: மைன்கிராஃப்டில் சிவப்பாக நிற்பதை எல்லாம் மாற்ற வேண்டுமா?

சுரங்கச்செல்வி:
மைன்கிராஃப்ட் 1.20.1, மாட்களை ஏற்ற ஃபோர்ஜ். Sophisticated Backpacks, Xaero's Minimap, JEI என்ற மூன்று மாட்களும் போட்டிருக்கிறேன். Key Binds பக்கத்தில் B இரண்டு இடத்திலும் U இரண்டு இடத்திலும் சிவப்பு அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன. மவுஸை மேலே வைத்தால் This key is also used for: என்று மற்ற வேலையின் பெயர் வருகிறது. B அழுத்தினால், மேப்பில் ஓர் இடத்தைக் குறித்துவைக்கும் வேபாயிண்ட் திரை மின்னலாக வந்து மறைந்து, பேக்பேக் திறக்கிறது. U-வில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. எல்லாச் சிவப்பையும் நீக்கியே ஆக வேண்டுமா, B-யை மட்டும் மாற்றினால் போதுமா?

கொத்தளம்:
எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு விசைக்கு ஒரு வேலைதான். ஆட்டமே எச்சரிக்கை காட்டும்போது அதை விட்டுவைக்க என்ன காரணம் இருக்கிறது? இன்று U-வில் தொந்தரவு தெரியவில்லை என்பதால் நாளைக்கும் தெரியாது என்று ஆகாது. பெரிய மாட்பேக் ஆடுகிறவர்களின் பக்கத்தைப் பாருங்கள், பாதிக்கு மேல் சிவப்பு. அதில் புதிதாக ஒரு சிவப்பு சேர்ந்தால் யார் கண்ணில் படும்? பக்கம் சுத்தமாக இருந்தால்தான் புதிய மாட் போட்டதும் எது மோதுகிறது என்று உடனே தெரியும்.

பாறைமுகம்:
கடைசியில் சொன்னது நியாயமான காரணம். ஆனால் "ஒரு விசைக்கு ஒரு வேலை" என்பது இந்த ஆட்டத்தின் விதி இல்லை. சிவப்பு சொல்வது இரண்டு வேலைக்கும் ஒரே எழுத்து கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றனவா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

U-வை எடுத்துக்கொள்ளுங்கள். JEI-யின் U, இன்வென்டரி மாதிரி ஒரு திரை திறந்திருந்து, மவுஸ் ஏதாவது ஒரு பொருள் மேல் இருக்கும்போதுதான் வேலை செய்யும். அந்தப் பொருளை வைத்து என்னென்ன செய்யலாம் என்று காட்டும். வேபாயிண்ட் பட்டியலைத் திறக்கும் U, நாம் உலகத்துக்குள் நடந்துகொண்டிருக்கும்போது வேலை செய்வது. திரை ஒன்று திறந்துவிட்டால், நடக்கும்போது பயன்படும் விசைகளின் அழுத்தத்தை ஆட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இவை இரண்டும் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்பில்லை.

B அப்படி இல்லை. பேக்பேக், வேபாயிண்ட் இரண்டுமே நடக்கும்போது அழுத்துபவை. செல்வி சொன்ன மின்னலே அதற்குச் சாட்சி. இந்தப் பதிப்பு ஃபோர்ஜில் ஒரே விசையில் இருக்கும் இரண்டு வேலைக்கும் அழுத்தம் போய்ச் சேரும். வேபாயிண்ட் திரை நம் கணினியிலேயே உடனே திறக்கிறது. பேக்பேக்கைத் திறக்க சர்வரிடம் கேட்டு பதில் வர வேண்டும், தனியாக ஆடினாலும் உள்ளுக்குள் ஒரு சர்வர் ஓடுகிறது. பதில் பின்னால் வந்து முதல் திரையை மூடிவிட்டுத் தன் திரையை வைக்கிறது. மாற்ற வேண்டியது B மட்டும்.

ஊர்சுற்றி:
இது கீபோர்டு பிரச்சினையாக இருக்கலாம். மலிவான கீபோர்டில் மூன்று விசை சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது. W, Shift பிடித்துக்கொண்டு B அழுத்துகிறீர்களா? வேறு கீபோர்டு இரவல் வாங்கிப் பாருங்கள்.

பாறைமுகம்:
அது வேறு கோளாறு, ஊர்சுற்றி. அதில் அழுத்தம் கணினிக்கே போகாது, எந்தத் திரையும் வராது. இங்கே ஓர் அழுத்தத்துக்கு இரண்டு திரை வருகிறது.

மழைக்காலம்:
பாறைமுகம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஃபோர்ஜுக்குப் பதில் ஃபேப்ரிக்கில் மாட் ஏற்றி ஆடுகிறவர்கள் குறிப்பாக. என் கதை இது. ஜூம் மாட் ஒன்று C-யில் இருந்தது. ஆட்டத்தோடு வரும் Save Hotbar Activator-உம் C தான். அது கிரியேட்டிவில் மட்டும் பயன்படுவது, நான் ஆடுவது சர்வைவல், ஒன்றும் ஆகாது என்று விட்டுவைத்தேன். ஜூம் வேலையே செய்யவில்லை. மாட் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலமுறை நீக்கிப் போட்டேன். கடைசியில் Save Hotbar Activator-ஐக் காலி செய்ததும் ஜூம் வந்துவிட்டது. "ஒரே நேரத்தில் விழித்திருக்கவில்லை" என்ற கணக்கு அங்கே எங்கே போயிற்று?

கொத்தளம்:
இதைத்தான் நான் சொன்னேன்.

பாறைமுகம்:
மழைக்காலம் சொல்வது முழு உண்மை, நான் ஃபோர்ஜை மட்டும் வைத்துப் பேசினேன். மாட் இல்லாத ஆட்டம், ஒரு விசைக்கு ஒரே ஒரு வேலையைத்தான் தன் பட்டியலில் வைத்திருக்கும். இரண்டு வேலைக்கு ஒரே விசை கொடுத்தால் ஒன்று மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த வேலை கிரியேட்டிவுக்கு மட்டுமானதா என்றெல்லாம் அந்தப் பட்டியல் பார்க்காது. எது ஜெயிக்கும் என்பதை நாம் தீர்மானிக்கவும் முடியாது. ஃபேப்ரிக் இந்தப் பட்டியலை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் ஃபேப்ரிக்கில் சிவப்பு என்றால், இரண்டில் ஒன்று சத்தமில்லாமல் செத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஃபோர்ஜில் மாட் எழுதுகிறவர் "இது திரைக்குள் மட்டும்", "இது ஆட்டத்துக்குள் மட்டும்" என்று அறிவிக்கலாம். இரண்டு பேரும் சரியாக அறிவித்தால் சிவப்பே வராது. ஒருவர் எதுவும் சொல்லாமல் விட்டால் ஃபோர்ஜ் அதை "எங்கும்" என்று எடுத்துக்கொள்ளும். "எங்கும்" என்பது எல்லாவற்றோடும் மோதும். செல்வியின் U சிவப்பாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

கொத்தளம்:
சரி. ஆனால் ஆடுகிறவருக்கு மாட் எழுதியவர் என்ன அறிவித்தார் என்று எப்படித் தெரியும்?

பாறைமுகம்:
தெரிய வேண்டியதில்லை, அழுத்திப் பார்த்தால் போதும். உலகத்துக்குள் வெறுமனே நின்று ஒரு முறை. இன்வென்டரியைத் திறந்து ஒரு பொருள் மேல் மவுஸ் வைத்து ஒரு முறை. இரண்டிலும் எதிர்பார்த்தது மட்டும் நடந்தால் விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு வேலையின் விசையைக் காலி செய்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். காலி செய்ய அந்தப் பொத்தானைச் சொடுக்கி Esc அழுத்த வேண்டும். மற்ற வேலை அதுவரை செய்யாததைச் செய்ய ஆரம்பித்தால் மோதல் உண்மையானது. கீழே இருக்கும் Reset Keys-ஐ மட்டும் தொட வேண்டாம், அது எல்லா விசையையும் பழையபடி ஆக்கிவிடும்.

தென்னந்தோப்பு:
இவ்வளவு பேச்சு எதற்கு? வேபாயிண்டை Ctrl + B ஆக்கிவிடுங்கள். ஃபோர்ஜில் பொத்தானைச் சொடுக்கி, Ctrl பிடித்துக்கொண்டு B அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். சிவப்பு போய்விடும், ஞாபகம் வைப்பதும் எளிது. நான் எல்லா மோதலையும் இப்படித்தான் தீர்க்கிறேன்.

கொத்தளம்:
ஓடுவதற்கு எந்த விசை, தென்னந்தோப்பு?

தென்னந்தோப்பு:
W-வை இரண்டு தட்டு.

கொத்தளம்:
அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் ஓடுவதற்குத் தரும் விசை இடது Ctrl. அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர், ஸோம்பி துரத்தும்போது பேக்பேக்கைத் திறக்க B அழுத்துகிறார். Ctrl ஏற்கெனவே கீழே இருக்கிறது, ஆட்டம் அதை Ctrl + B என்று படிக்கும், வேபாயிண்ட் திரை வந்து நிற்கும். நின்ற இடத்தில் சோதித்தால் சரியாக இருக்கும், ஓடும்போது மட்டும் தவறும். சிவப்பு போய்விட்டது, மோதல் போகவில்லை. Shift-உம் அப்படித்தான், பதுங்கி நடக்கும்போது அது கீழே இருக்கும். சேர்த்துத்தான் வைக்க வேண்டும் என்றால் Alt மட்டும்தான் மிச்சம்.

பாறைமுகம்:
இதைக் கொத்தளம் சொன்னது நல்லது. சிவப்பு இருந்தும் மோதல் இல்லாதது U, சிவப்பு இல்லாமல் மோதல் இருப்பது இந்த Ctrl + B.

செல்வி, உங்களுக்கு என் யோசனை: பேக்பேக்கை B-யிலேயே விடுங்கள், அடிக்கடி தேவைப்படுவது அதுதான். வேபாயிண்டுக்குத் தனி எழுத்து கொடுங்கள். மாட் இல்லாத 1.20.1, 26 எழுத்தில் 12-ஐ எடுத்துக்கொள்கிறது. அதிலும் சிலதை விடுவிக்கலாம். L சாதனைப் பட்டியலைத் திறப்பது, அது Esc பட்டியலிலேயே பொத்தானாக இருக்கிறது. C, X இரண்டும் கிரியேட்டிவில் ஹாட்பாரைச் சேமிக்கவும் எடுக்கவும் மட்டும். கிரியேட்டிவ் ஆடாதவர் அந்த மூன்றையும் காலி செய்யலாம். ஆட்டத்தை மூடிவிட்டு options.txt-இல் நேராகவும் மாற்றலாம்:

```
key_key.advancements:key.keyboard.unknown
key_key.saveToolbarActivator:key.keyboard.unknown
key_key.loadToolbarActivator:key.keyboard.unknown
```

ஆட்டம் திறந்திருக்கும்போது மாற்றினால், அது அமைப்பைச் சேமிக்கும்போது உங்கள் மாற்றத்தின் மேலேயே எழுதிவிடும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

மழைக்காலம்:
Controlling என்ற மாட் போட்டால் Show Conflicts என்று ஒரு பொத்தான் வரும், மோதுபவை மட்டும் வரிசையாகத் தெரியும். நீளமான பட்டியலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கொத்தளம்:
அந்தப் பொத்தானுக்காகவே U-வையும் மாற்றச் சொல்கிறேன். தீங்கில்லாத சிவப்பு பத்து இருந்தால் Show Conflicts அழுத்தியும் அதே பத்து வந்து நிற்கும், பதினொன்றாவது எது என்று மறுபடி தேட வேண்டும். JEI-யின் R, U இரண்டையும் தொடச் சொல்லவில்லை, அவை விரலுக்குப் பழகியவை. மேப் மாட்டின் U-வை நகர்த்துங்கள், அல்லது காலி செய்யுங்கள்.

பாறைமுகம்:
மூன்று மாட் இருக்கும் ஒருவருக்கு அது சரி. இருநூறு மாட் இருக்கும் பேக்கில் எல்லாச் சிவப்பையும் நீக்கப் போனால் எழுத்து தீர்ந்துபோகும், எந்த வேலையை எங்கே வைத்தோம் என்று நமக்கே தெரியாது. அங்கே நான் சிவப்பை விட்டுவைப்பேன்.

கொத்தளம்:
அங்கே நான் பயன்படுத்தாத வேலைகளின் விசையைக் காலி செய்வேன். ஒவ்வொன்றுக்கும் புதிய எழுத்து தேட வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றை யாரும் ஒரு முறைகூட அழுத்துவதில்லை.

சுரங்கச்செல்வி:
L-ஐ விடுவித்து வேபாயிண்டை அங்கே வைத்தேன். B இப்போது பேக்பேக்கை மட்டும் திறக்கிறது, மின்னல் இல்லை, Ctrl பிடித்து ஓடிக்கொண்டே அழுத்தியும் பார்த்துவிட்டேன். U-வை நீங்கள் சொன்னபடி இரண்டு நிலையிலும் சோதித்தேன், ஒன்றோடொன்று மோதவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். என் தம்பி இதே மாட்களை ஃபேப்ரிக்கில் போடப் போகிறான். அவனுக்கும் U-வை விட்டுவைக்கலாமா?

மழைக்காலம்:
விட்டுவைக்காதீர்கள். முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள்.

பாறைமுகம்:
JEI தன் விசைகளை ஃபேப்ரிக்கில் எப்படிப் பதிவு செய்கிறது என்பதைப் பொறுத்தது அது. முதலில் மாற்றாமல் உலகத்துக்குள் நின்று U அழுத்தச் சொல்லுங்கள். வேபாயிண்ட் பட்டியல் வந்தால் இன்வென்டரிக்குள்ளும் ஒரு முறை. இரண்டும் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அப்போது மழைக்காலத்தோடு மறுபடி பேச ஒரு காரணம் கிடைக்கும்.